அடுப்பில்லாச் சமையலில் உணவுக் குழுக்கள்: 3 முதல் 6 வயதுக் குழந்தைகளோடு செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மழலையர் வகுப்பில் பல வருடங்களாக அடுப்பில்லாச் சமையல் நடத்தி வருகிறேன். பெற்றோர்களும் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதன்முதலாக எதைச் செய்யலாம்? பழ சாலட்தான் சுலபம் என்கிறார்களே?

நான் கோசுமல்லியில்தான் ஆரம்பிப்பேன். பழ சாலட் செய்வது சுலபம்தான். ஆனால் அதில் ஐந்து பழம் போட்டாலும் பத்துப் பழம் போட்டாலும் உணவுக் குழு ஒன்றே ஒன்றுதான். கோசுமல்லியில் ஊறிய பாசிப்பருப்பு இருக்கிறது, வெள்ளரிக்காயும் கேரட்டும் இருக்கின்றன, தேங்காய்த் துருவல் இருக்கிறது. மூன்று வெவ்வேறு வேலை செய்யும் பொருட்கள் ஒரே கிண்ணத்தில் சேர்வதைக் குழந்தை தன் கையாலேயே கலந்து பார்க்கிறது. ராமநவமி அன்று பானகத்தோடும் நீர்மோரோடும் வீட்டில் செய்வது என்பதால் பாட்டிமார்களுக்கும் தெரிந்த பண்டம். குழந்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் "அட, இது நம்ம வீட்டுச் சமையல்" என்று பேச்சு தொடரும்.

கடுகு தாளிப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அது இல்லாமலும் ருசி குறையாது.

எத்தனை குழுக்கள் சொல்லித் தருவது? புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறுகிறதே.

ஆறு வயதுக்குள் மூன்று போதும். சக்தி தரும் உணவு, உடலை வளர்க்கும் உணவு, நோயிலிருந்து காக்கும் உணவு. நம் பாடப்புத்தகங்களில் வெகுகாலமாக இருக்கும் பிரிவு இதுதான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு நாளில் குறைந்தது எட்டு உணவுக் குழுக்களிலிருந்து சாப்பிடச் சொல்கிறது. காய், கீரை, பழம், கிழங்கு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பாதித் தட்டை நிரப்ப வேண்டும் என்பது அதன் கணக்கு. அது பெரியவர்கள் சமையலைத் திட்டமிட உதவும். நாலு வயதுக் குழந்தையிடம் எட்டுப் பெயரைச் சொன்னால் மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான்.

மூன்று குழுக்களுக்கும் நான் படம்தான் வைக்கிறேன். சக்திக்கு ஓடும் கால், வளர்ச்சிக்கு மடக்கிய கை, காப்பதற்குக் குடை. நிறத்தை அடையாளமாக வைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் மஞ்சள், வெள்ளை, பச்சை என்று மூன்று தாள் ஒட்டினேன். குழந்தைகள் எலுமிச்சையையும் பாசிப்பருப்பையும் மஞ்சள் தாளில் வைத்தார்கள், தேங்காயையும் முள்ளங்கியையும் வெள்ளையில் வைத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான். தவறு என் தாளில் இருந்தது.

கோசுமல்லி வகுப்பை ஆரம்பம் முதல் முடிவு வரை எப்படி நடத்துகிறீர்கள்?

ஆறு குழந்தைகள், நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு வகுப்பு என்றால் ஒன்பது மணிக்கு அரை கப் பாசிப்பருப்பைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறப் போடுவேன். தோல் நீக்கி உடைத்த மஞ்சள் பருப்புதான் வேண்டும். ஒரு மணி நேரத்தில் நன்றாகப் பருத்துவிடும். ஒரு பருப்பை நகத்தால் அழுத்தினால் சட்டென்று உடைய வேண்டும், நடுவில் மாவு போன்ற வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கால் மணி நேரம் விட வேண்டும். இரவே ஊறப் போடுவது நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது. காலையில் கொழகொழப்பும் புளித்த வாடையும் வந்திருக்கும். அப்படி வந்தால் கழுவிப் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.

கேரட் இரண்டை நானே துருவி வைப்பேன், தேங்காய் மூன்று மேசைக்கரண்டி அளவு. துருவியில் சின்ன விரல்முட்டி பட்டால் தோல் போய்விடும். அதனால் அந்த வேலை குழந்தைக்கு இல்லை.

வகுப்பு தொடங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். பிறகு ஊறாத பருப்பு ஒரு தட்டிலும் ஊறிய பருப்பு ஒரு தட்டிலும் சுற்றி வரும். தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். "இது குண்டாயிடுச்சு மிஸ்" என்று ஏதாவது ஒரு குழந்தை சொல்லும். அந்த இடத்தில்தான் மடக்கிய கை படத்தைக் காட்டுவேன். பருப்பு உன்னை வளர்க்கும் உணவு, உன் அண்ணனுக்குச் சட்டை சின்னதாகிப் போனதே, அந்த வேலை இதனுடையது. ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை.

வெள்ளரிக்காய் ஒன்றைத் தோல் சீவி நீளவாக்கில் நாலாகப் பிளந்து தருவேன். ஆளுக்கு ஒரு துண்டு, மழுங்கிய பிளாஸ்டிக் கத்தியால் பொடியாக நறுக்குவார்கள். கொத்தமல்லித் தழையை இரண்டு பேர் கிள்ளுவார்கள். இவையும் கேரட்டும் குடைக் குழு. தேங்காய் கால் குழு. ஆனால் இந்தக் கிண்ணத்தில் தேங்காய் கொஞ்சம்தான் என்பதால், சக்தி தரும் குழு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று பக்கத்தில் ஒரு கிண்ணம் அவல் வைக்கிறேன். மெல்லிய அவலை ஒரு முறை அலசி வடித்து ஐந்து நிமிடம் மூடி வைத்தாலே பதமாகிவிடும். கெட்டி அவலுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொடித்த வெல்லமும் துளி தேங்காயும் சேர்த்தால் போதும்.

எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போடும்போது ஒவ்வொரு குழந்தையும் தன் கையிலிருப்பது எந்தப் படத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். தவறாகச் சொன்னாலும் போடலாம். மற்றவர்கள் திருத்துவார்கள். கடைசியாக அரை மூடி எலுமிச்சை, கால் தேக்கரண்டி உப்பு, கலந்து உடனே சாப்பாடு. கேரட்டில் உள்ள சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு தேவை, அதைத் தேங்காய் தருகிறது. இதைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயை விட்டுவிடலாமா என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்லலாம்.

பருப்பைப் பச்சையாகச் சாப்பிடக் கொடுக்கலாமா? முளைகட்டிய பயறு இன்னும் நல்லதுதானே?

தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பை ஊறவைத்து அப்படியே சாப்பிடுவது நம்மிடம் காலங்காலமாக இருக்கும் வழக்கம். அளவு முக்கியம். ஒரு குழந்தைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

ஆனால் பாசிப்பருப்புக்குப் பொருந்துவது எல்லாப் பருப்புக்கும் பொருந்தாது. ராஜ்மாவை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் வேகாமல் தின்றால் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதில் உள்ள நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மொச்சையும் அப்படி வேக வேண்டியதுதான். மரவள்ளிக்கிழங்கையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, அதிலிருந்து சயனைடு உருவாகும்.

முளைப்பயறு பற்றி நிறையப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள். சத்தில் குறையில்லை. சிக்கல் என்னவென்றால், பயறு முளைக்கத் தேவையான அதே ஈரமும் கதகதப்பும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகவும் ஏற்றவை. விதைக்குள்ளேயே கிருமி இருந்தால் கழுவிப் போக்க முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சை முளைப்பயறு வேண்டாம். வீட்டிலேயே வேகவைத்து ஆறவைத்து எடுத்து வந்தால், வகுப்பில் சாலட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிச் செய்தால் அடுப்பில்லாச் சமையல் ஆகாதே என்று ஒரு ஆசிரியை கேட்டார். யோசித்துப் பார்த்தால் இதில் வரும் பல பொருட்கள் ஏற்கெனவே அடுப்பைப் பார்த்தவைதான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியதுதான் அவல். அதனால்தான் அரிசியைப் போலன்றி அதை நனைத்தவுடன் சாப்பிட முடிகிறது. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிர், எல்லாமே அப்படித்தான். குழந்தை இருக்கும் நேரத்தில் நெருப்பு இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். பெரிய குழந்தைகளிடம் ஒரு பிடி அரிசியையும் ஒரு பிடி அவலையும் கொடுத்து, இரண்டிலும் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஏன் மெத்தென்று ஆகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

வாழைப்பழம் சக்தியா, காக்கும் உணவா? தேங்காய், நிலக்கடலை எல்லாம் எதில் வரும்? எனக்கே குழப்பமாக இருக்கிறது.

குழப்பம் உங்களிடம் இல்லை, அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பல உணவுகள் இரண்டு வேலை பார்க்கும். வாழைப்பழம் பழம் என்ற முறையில் குடைக் குழுவில் வருகிறது. ஆனால் அதில் மாவும் சர்க்கரையும் நிறைய இருப்பதால் ஓடவும் வைக்கும். நிலக்கடலையில் புரதமும் உண்டு, எண்ணெயும் உண்டு. பால், தயிரை வளர்க்கும் குழுவில் வைக்கிறோம், எலும்புக்கும் தசைக்கும் தேவையானதைத் தருவதால். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கடையில் வாங்கினாலும் அது செய்யும் வேலை சோற்றின் வேலை. அதனால் கால் குழு. சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் அப்படியே.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: எந்த வேலை அதிகமோ அந்தப் படத்தின் கீழ் வைப்போம், இன்னொரு வேலையும் தெரிந்த குழந்தை அதைச் சொன்னால் ஒப்புக்கொள்வோம். ஒரு தடவை ஒரு பையன் வாழைப்பழத்தைக் காலுக்கும் குடைக்கும் நடுவில் கோட்டின் மேல் வைத்தான். என்னடா இது என்றேன். "ஓடும்போது மழை வந்தா?" என்றான். அன்றிலிருந்து கோட்டின் மேல் வைக்கவும் எங்கள் வகுப்பில் இடமுண்டு.

தக்காளி காயா பழமா என்ற கேள்வியும் வரும். செடியின் கணக்கில் பழம், சமையல் கணக்கில் காய். உணவுக் குழுவில் இரண்டுமே குடையின் கீழ்தான் வருகின்றன, அதனால் அந்த விவாதத்தில் நேரம் போக்க வேண்டாம்.

பழத்தட்டு செய்தே ஆக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதை எப்படிப் பயனுள்ளதாக்குவது?

வானவில் போல அடுக்கிப் படம் எடுப்பதோடு நின்றால் குழந்தை கற்றுக்கொள்வது நிறங்களை மட்டுமே. தட்டில் பழம் பாதியளவு இருக்கட்டும். மீதிப் பாதியில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், அதன் மேல் ஒரு தேக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. பக்கத்தில் வெல்லம் போட்ட அவல் ஒரு பிடி. பப்பாளி, கொய்யா, வாழை, மாதுளை என்று நம் சந்தையில் அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதே போதும், கிவியைத் தேடி அலைய வேண்டாம். இப்போது தட்டைப் பார்த்து "பழத்தை எடுத்துவிட்டால் எந்தப் படம் காணாமல் போகும்? தயிரை எடுத்தால்?" என்று கேட்கலாம். பழம் மட்டுமே உள்ள தட்டில் இந்தக் கேள்விக்கே வழியில்லை.

பழத்தோடு தயிர் சேர்க்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டாம். பாலில் பழத்தைப் போட்டு வைத்தால் திரியும், பப்பாளி சேர்ந்தால் கசந்தும் போகும். தயிர்தான் பாதுகாப்பான வழி.

அரை மணி நேரத்தில் சாலட் தண்ணீர் விட்டுவிடுகிறது, ஆப்பிளும் வாழையும் கறுத்துவிடுகின்றன. என்ன செய்வது?

தண்ணீர் விடுவதற்கு உப்புதான் காரணம், வெள்ளரியிலிருந்து நீரை இழுத்துவிடும். உப்பையும் எலுமிச்சையையும் பரிமாறும் நிமிடத்தில் சேருங்கள். வெள்ளரியின் நடுவில் உள்ள விதைப் பகுதியை வழித்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பழம் கறுப்பது வெட்டிய பக்கத்தில் காற்றுப் படுவதால். சில துளி எலுமிச்சைச் சாறு பூசினால் தாமதமாகும். கறுத்த ஆப்பிள் கெட்டுப்போனது இல்லை என்பதையும் குழந்தைக்குச் சொல்லலாம்.

நறுக்கியதை எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம் என்றால், இரண்டு மணி நேரம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான். மிச்சத்தை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கையில் கத்தி கொடுக்கலாமா?

வயதைவிடக் குழந்தையின் கையைப் பாருங்கள். இரண்டு, மூன்று வயதில் கழுவுவது, கீரை கிள்ளுவது, வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசிப்பது. நாலு வயதில் ஐஸ் குச்சியாலோ பிளாஸ்டிக் கத்தியாலோ வாழைப்பழம், பப்பாளி, விதை நீக்கிய வெள்ளரி. உருண்டையான பொருளை நீங்கள் முதலில் பாதியாகப் பிளந்து தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுத்தால் உருளாது. வெட்டும் கை போக, மற்றக் கை பூனைக்கால் போல விரல்களை மடக்கி இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் அலைஅலையாக வெட்டும் கைப்பிடி வெட்டி நல்ல பழக்கம். கேரட்டைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்கவே வேண்டாம். கெட்டியாக இருப்பதால் பலம் போட்டு அழுத்தும்போதுதான் கை வழுக்குகிறது.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம்தான். உருண்டையாக, வழவழப்பாக அல்லது கெட்டியாக இருக்கும் எதுவும் சின்னத் தொண்டையை அடைத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். குறுக்கே பாதியாக வெட்டினால் அது இன்னும் வட்டமாகவே இருக்கும், பயனில்லை. கேரட்டும் தேங்காயும் துருவல்தான், துண்டு கூடாது. ஆப்பிளைக் கட்டையாக இல்லாமல் மெல்லிய சீவலாகக் கொடுங்கள். நிலக்கடலை, பாதாம், பொட்டுக்கடலை போன்றவற்றை ஐந்து வயது வரை பொடித்தே சேர்க்க வேண்டும். நாவல், சீத்தாப்பழம் என்றால் விதையைப் பெரியவர்களே நீக்கிவிட வேண்டும்.

உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. யார் முதலில் முடிப்பது என்ற போட்டியும் கிடையாது. சிக்கிக்கொண்ட குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல், மூச்சும் அழுகையும் நின்றால் உடனே முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் கையைக் குவித்து உள்நோக்கி மேலே ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். இந்த முறையை வகுப்பு நடத்துபவர் நேரில் பயிற்சி எடுத்துக்கொள்வது அவசியம்.

ஒவ்வாமை இருக்கும் குழந்தைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்று நாள் முன்னதாகவே பொருட்களின் முழுப் பட்டியலையும் வீட்டுக்கு அனுப்பி, பதில் எழுதி வாங்குகிறேன். நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், பால் ஆகியவற்றைத் தனியாகக் கேட்பேன். ஒரு குழந்தைக்கு ஆகாது என்றால் அந்தப் பொருள் அன்று யாருக்கும் இல்லை. ஒரு வயது ஆகாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால், தேன் கலந்த எதையும் அவர்களுக்கு ஊட்டக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவேன்.

என் மகள் ஆசையாகச் செய்கிறாள், ஆனால் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வீணாகப் போகிறதே, மேடம்?

வீண் இல்லை, அம்மா. புதுக் காயைத் தொடுவதும் மோந்து பார்ப்பதும் அதைச் சாப்பிடுவதற்கு முந்தைய படிகள். சில குழந்தைகளுக்கு ஒரே பொருளை எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் பார்த்துப் பழகிய பிறகுதான் வாய் திறக்கும். அதனால் வாரம் ஒரு புது ஐட்டம் என்று மாற்றிக்கொண்டே போகாமல், நாலு வாரம் கோசுமல்லியையே செய்யுங்கள். ஒரு வாரம் வெள்ளரி, அடுத்த வாரம் மாங்காய்த் துருவல் என்று ஒரு பொருளை மட்டும் மாற்றலாம். "ஒரு வாய் சாப்பிட்டால் சாக்லெட்" என்று சொல்லிவிட்டால் சாக்லெட்தான் உயர்ந்தது, காய் தண்டனை என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். கலக்காமல் தனித்தனிக் குவியலாக வைத்தால் சில குழந்தைகள் சாப்பிடுவார்கள். கலந்த உணவு அவர்களுக்குப் பிடிப்பதில்லை. உங்கள் மகளிடம் அதையும் ஒரு முறை பாருங்கள்.

குழந்தைக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பருப்பு எந்தக் குழு?" என்று கேட்டு அறிய முடியாது, ஒப்பிப்பார்கள். வகுப்பில் வராத பொருளைக் கொடுத்துப் பாருங்கள். கோசுமல்லி முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு முட்டை, ஒரு பீர்க்கங்காய், ஒரு இட்லி வைத்து எந்தப் படத்துக்குப் போகும் என்று கேட்பேன். முட்டையைத் தேங்காய் போல வெள்ளையாக இருக்கிறது என்று காலுக்குக் கொண்டுபோனால் இன்னும் நிறத்தில்தான் நிற்கிறார்கள் என்று புரிந்துவிடும். இட்லியில் அரிசியும் உளுந்தும் இருப்பதைத் தெரிந்த குழந்தை சில சமயம் கோட்டின் மேல் வைக்கும். அது சரியான பதில்.

மதிய டிபன் டப்பாவைத் திறக்கும் நேரம் இன்னும் நல்ல சோதனை. எந்த டப்பாவையும் குறை சொல்லாமல், என் டப்பாவைத்தான் முதலில் காட்டுவேன். ஒரு நாள் தயிர்சாதமும் வறுத்த உருளைக்கிழங்கும் கொண்டுபோயிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்து, "காலு இருக்கு, கையும் இருக்கு, குடையக் காணோமே மிஸ்" என்றாள். பிறகு தன் டப்பாவிலிருந்து இரண்டு வெள்ளரித் துண்டை எடுத்து என் மூடியில் வைத்தாள்.